கடைசிப் பொருளில் ஏறிய அம்பு

பத்திரிகையில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், இப்போது என்ன வேலை என்று கேட்டபோது, "அம்பு போடுகிறேன்" என்றேன். "எத்தனை பேர் விழுந்தாங்க?" என்று கேட்டார். அப்போது சிரித்துக்கொண்டோம். ஒருத்தி விழுந்ததை அவரிடம் இதுவரை நான் சொல்லவில்லை.

எங்கள் பத்திரிகையின் மாவட்டப் பதிப்பை வேறொரு பதிப்போடு சேர்த்துவிட்ட பிறகு, காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் இருந்த ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். கால் சென்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அங்கே உச்சரிப்பு சொல்லிக்கொடுப்பார்கள். நான் வகுப்பு எடுப்பவன் இல்லை. பயிற்சித்தாள் எழுதுவதும் அதில் குரல் ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் குறிப்பதும்தான் வேலை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்க வேண்டும். குரல் எந்த அசையில் திரும்புகிறதோ அந்த அசைக்கு முன்னால் அம்பு. வாக்கியத்தின் முற்றுப்புள்ளியில் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தப்பு. குரல் திரும்புவது புள்ளியில் இல்லை, கடைசியாக அழுத்தம் விழும் சொல்லில்.

விதிகள் எளியவை. ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியில் குரல் ஏறும். 'டூ யூ லிவ் ஹியர்?' என்பதில் 'ஹியர்' மேலே போகும். எங்கே, யார், எப்போது என்று தொடங்கும் கேள்வியில் சாதாரணமாக இறங்கும். 'வேர் டூ யூ லிவ்?' என்பதில் 'லிவ்' கீழே வரும். சொன்னது காதில் விழாமல் மறுபடி கேட்டாலோ, குழைவாகக் கேட்டாலோ அதுவும் ஏறலாம். சும்மா ஒரு செய்தியைச் சொல்லும் வாக்கியம் இறங்கி முடியும். 'டீ ஆர் காபி?' என்று கேட்டால் டீயில் ஏறி காபியில் இறங்க வேண்டும். இரண்டிலும் ஏறினால், அந்த மாதிரி ஏதாவது குடிக்கிறீர்களா என்று பொருள் மாறிவிடும். பட்டியலும் அதே கணக்குதான். ஒவ்வொரு பொருளிலும் ஏற்றம், கடைசிப் பொருளில் மட்டும் இறக்கம். கடைசியிலும் ஏறினால் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று கேட்பவர் காத்திருப்பார்.

தமிழில் கேள்வியைப் பெரும்பாலும் 'ஆ' தாங்கிக்கொள்ளும். 'வந்தியா' என்பதை எப்படி இழுத்தாலும் கேள்விதான். ஆங்கிலத்தில் அந்தச் சுமையைக் குரலே தூக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு இது கடினம். அதனால்தான் எனக்கும் சம்பளம்.

விழுந்தாள் என்று சொன்ன அந்தப் பெண் ஓரிக்கைப் பக்கத்திலிருந்து வருவாள். அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவருடைய தாத்தா காலம் வரை மற்றவர் நிலத்தில் வேலை செய்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வீடு. பி.ஏ. முடித்துவிட்டு ஒரு பட்டுப்புடவை ஷோரூமில் விற்பனையில் நின்றாள். நின்றாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. அவர்கள் கடைக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. கவுன்டருக்கு அடியில் அதன் மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவளுக்குக் கெண்டைக்காலில் நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. மருத்துவர் நிற்கிற வேலையை விடச் சொல்லியிருந்தார்.

சேர்ந்த அன்று விண்ணப்பம் பூர்த்தி செய்யும்போது, ஏன் கால் சென்டர் என்று கேட்டேன்.

"நாற்காலி குடுப்பாங்க சார்" என்றாள்.

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

காலையில் ஷோரூம் திறக்கும் முன் வகுப்புக்கு வந்துவிட்டுப் போவாள். உடன் படித்தவர்கள் அவளைப் 'புடவை அக்கா' என்பார்கள். கேட்டால் கடையில் பேசுவதுபோல் பேசிக்காட்டுவாள். "புட்டா பாருங்கம்மா, கட்டம் பாருங்கம்மா, கோர்வை பார்டர் பாருங்கம்மா..." கடைசி வார்த்தையில் குரலை மேலேயே நிறுத்திவிடுவாள். வகுப்பு சிரிக்கும். ஒருமுறை என் மேசைப் பக்கம் வந்தபோது, ஏன் அப்படி அந்தரத்தில் விடுகிறாய் என்று கேட்டேன்.

"இறக்கவே கூடாது சார். இறக்கிட்டா அவ்ளோதான் ஸ்டாக்குன்னு எழுந்து போயிடுவாங்க. மேலயே வச்சிக்கினு இருந்தா, இன்னும் இருக்குதுன்னு உக்காந்துக்கினு இருப்பாங்க."

இதைத்தான் நான் அரைப் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

நான் எழுதிய தாள்களில் ஒன்று, வாடிக்கையாளர் சொன்ன ஆர்டரைத் திருப்பிச் சொல்லும் பயிற்சி. சட்டைகள், துண்டுகள், படுக்கை விரிப்புகள், கடைசியாக ஓர் 'அண்ட்' போட்டுத் தலையணைகள். கண்ணுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு பொருளுக்கு ஒரு வரி ஒதுக்கி, பக்கத்தில் அம்பு போட்டிருந்தேன். முதல் மூன்று வரிகளில் மேல்நோக்கி, நான்காவது வரியில் கீழ்நோக்கி. பக்கம் முழுக்க இப்படிப் பட்டியல்கள். பிள்ளைகள் முதலில் காதால் கேட்டுக் கண்டுபிடிக்கட்டும் என்று விதியைப் பக்கத்தின் அடியில் வைத்திருந்தேன். ஒப்படைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அச்சுக்குப் போகும் முன் புரூஃப் என்னிடம் வரவில்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சார், நீங்க கன்டென்ட்ட மட்டும் பாருங்க" என்றார் டைரக்டர். மையத்தின் உரிமையாளர் தன்னை அப்படித்தான் அழைக்கச் சொல்வார்.

ஏனாத்தூர் சாலையில் ஒரு கல்லூரி வளாகத்தில் சென்னை நிறுவனம் ஒன்று ஆள் எடுக்க வந்தது. எங்கள் மையத்திலிருந்து ஒரு வேன் போனது. மறுநாள் காலை அவள் வகுப்புக்குள் போகாமல் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"கிடைக்கல சார்."

உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னாள்.

எழுத்துத் தேர்வும் நேர்முகமும் முடிந்து, கடைசியாக மாதிரி அழைப்பு. அடுத்த அறையிலிருந்து நிறுவனத்தின் பயிற்சி மேலாளர் வாடிக்கையாளர் போல் பேசுவார். ஆர்டர் கொடுப்பார். இவள் குறித்துக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். குடை, பை, தண்ணீர் பாட்டில். மூன்றே பொருட்கள். இவள் மூன்றையும் சரியாகச் சொன்னாள். 'பாட்டில்' என்பதில் குரலை மேலே நிறுத்தினாள்.

"அந்தப் பக்கம் பேசவே இல்ல சார். நானும் பேசல. லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன். அப்புறம் 'அண்ட்?' அப்டின்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஏதோ விட்டுட்டோம்போலன்னு மறுபடி முதல்லேர்ந்து சொன்னேன். மறுபடியும் 'அண்ட்?'ன்னாங்க. எழுதுனத பாத்தா மூணுதான் இருக்குது. அவங்க நாலு சொல்லியிருப்பாங்க, நாமதான் காதுல வாங்கலன்னு நெனச்சிக்கினு..." நிறுத்தினாள். "'அண்ட் ஒன் டவல்'னு சொல்லிட்டேன் சார்."

யாரும் கேட்காத ஒரு துண்டு. குரலை இறக்கி, சரியாக முடித்திருக்கிறாள். அது பட்டியலில் இல்லாத பொருள் என்பதுதான் சிக்கல். வாடிக்கையாளர் கேட்காததை ஆர்டரில் சேர்த்தால் அந்த வேலையில் மன்னிப்பே கிடையாது. முடிவுத்தாளில் 'தகவல் பிழை' என்று குறித்து அனுப்பிவிட்டார்கள்.

"பட்டியல் முடியறப்ப இறக்கணும்னு உனக்குத் தெரியுமே. கடையில என்ன செய்வேன்னு எங்கிட்டயே சொன்னியே" என்றேன்.

பையிலிருந்து பயிற்சிப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். அச்சான புத்தகத்தை அன்றுதான் பிரித்துப் பார்த்தேன்.

பக்கத்தின் அடியில், மையத்தின் மற்ற வகுப்புகளுக்கான விளம்பரம் ஒரு பட்டையாக ஓடியது. டைரக்டர் கோட்டு போட்ட படம். அந்தப் பட்டைக்கு இடம் வேண்டும் என்று ஒவ்வொரு பட்டியலிலும் அடிவரியை எடுத்திருந்தார்கள். தலையணைகளைக் காணோம். அடியில் இருந்த விதியையும் காணோம். படுக்கை விரிப்புகள் கடைசிப் பொருளாகி, பக்கத்தில் என் மேல்நோக்கிய அம்போடு நின்றன. பக்கம் முழுக்க எல்லாப் பட்டியலும் அப்படியே, ஏறி நின்று முடிந்தன. வகுப்பு எடுப்பவர் பார்த்துத் திருத்தும் விடைக்குறிப்பும், அதாவது 'கீ'யும், அதே கோப்பிலிருந்து எடுத்தது என்பதால் அதிலும் அதேதான்.

அவள் பென்சிலால் கடைசிப் பொருள்களுக்குக் கீழ்நோக்கி அம்பு போட்டிருந்தாள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி.

"மேடத்துக்கிட்ட கேட்டேன் சார். முடிஞ்சிட்டா இறக்கணும்தானே, மேலயே உட்டா இன்னும் இருக்குதுன்னுதானே நெனப்பாங்கன்னு. 'புக்குல என்ன போட்டிருக்குது, அதப் பாரு. கடை வேற, இங்கிலீஷ் வேற'ன்னாங்க. அப்புறம் பத்து நாளா மேலதான் சொல்லிப் பழகுனேன்."

வகுப்பு எடுத்த அந்த மேடம் அப்போதுதான் எம்.ஏ. முடித்து வந்தவர். ஒலியியலைத் தேர்வுக்குப் படித்து மறந்தவர். ஸ்பீக்கர் பழுதாகி, பதிவைப் போடாமல் தானே புத்தகத்தைப் பார்த்து வாசித்திருக்கிறார். போய்க் கேட்டபோது முகம் வெளுத்தது. "கீ-ல அப்படித்தான் சார் இருந்துச்சு. கீ-க்கு எதிரா மார்க் போட்டா டைரக்டர் என்னைத்தான் கேப்பார்." அதுவும் பொய்யில்லை.

முடிவுத்தாளில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். அந்தப் பயிற்சி மேலாளரே எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். "அதான் எல்லாப் பிள்ளைங்களும் கடைசி வார்த்தைய தொங்கவிட்டாங்களா? உங்க சென்டர் பசங்கன்னு கண்டுபிடிச்சிடலாம் போல இருந்துச்சு. மத்தவங்க 'அண்ட்'னதும் 'தட்ஸ் ஆல்'னு சொல்லி சமாளிச்சிட்டாங்க. இந்தப் பொண்ணுதான் பயந்துட்டா." பிறகு வழி ஒன்று சொன்னார். "மெட்டீரியல்ல தப்பு, கேண்டிடேட் மேல தப்பு இல்லன்னு உங்க சென்டர்ல இருந்து ஒரு மெயில் போடச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா மறுபடி ஒரு கால் எடுக்கறேன். இல்லன்னா ஆறு மாசம் கழிச்சுத்தான், ரூல் அது."

பத்திரிகையில் ஒரு பெயரோ ஊரோ தவறிப்போனால் மறுநாள் நாலு வரியில் திருத்தம் போடுவோம். யாரும் செத்துப்போனதில்லை. மெயிலை நானே எழுதி எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனேன். நாலு வரிதான்.

அவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் விளம்பரப் பட்டையைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"ஒரு வரிதானே சார் எடுத்தோம்?"

"அந்த வரியிலதான் குரல் இறங்குது."

"நீங்கதானே சொன்னீங்க, நியூஸ்ல இடம் பத்தலன்னா அடியில இருந்து வெட்டுவோம், ஒண்ணும் கெடாதுன்னு?"

சொல்லியிருந்தேன். டீ குடிக்கும்போது, பழைய வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னது. செய்தியை முக்கியமானது முதலில் வரும்படி எழுதுவதால் அடியிலிருந்து வெட்டலாம். இது செய்தி இல்லை என்றேன்.

"சரி. மேல போனாத்தான் என்ன சார்? கான்ஃபிடென்ஸா இருக்கும்ல? நானே அப்படித்தான் பேசறேன்." அவர் அப்படித்தான் பேசுவார். அவர் பேச்சு முடிந்ததா என்று நாங்கள் எல்லோரும் எப்போதும் காத்திருப்போம்.

"அந்தப் பெண்ணுக்கு இன்னொரு தடவை கால் எடுக்கறாங்க. இந்த மெயில் போனாப் போதும்."

"மெயில் போனா என்ன ஆவும்? இவங்க புக்கே தப்புன்னு அந்தக் கம்பெனி நாலு இடத்துல சொல்லும். மத்தவன் செலக்ட் ஆயிருக்கான்ல, அதே புக்க படிச்சிட்டு? இவ இல்லாத டவல சேத்துருக்கா. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" குரலைத் தாழ்த்தினார். "சார், நான் யாரையும் குறைச்சு சொல்ற ஆள் இல்ல. ஆனா அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு நாக்கு அப்படித்தான். வீட்ல பேசறது அப்படி. நாம என்ன செஞ்சாலும் கொஞ்சம் வரத்தான் செய்யும்."

"அவ பென்சில்ல போட்டது சரி சார். நம்ம கீதான் தப்பு."

"மெயில குடுங்க. நான் பாத்து அனுப்பறேன்."

வெள்ளிக்கிழமை அனுப்பினார். நகல் எனக்கும் வந்தது. நான் எழுதிய நாலு வரி இல்லை. மையம் தரமான பயிற்சி அளிக்கிறது, குறிப்பிட்ட மாணவியிடம் தாய்மொழித் தாக்கம் மிகுதி, விற்பனைக் கடையில் வேலை செய்ததால் பேச்சில் கடைப்பாணி படிந்திருக்கிறது, பயிற்சியாளர்கள் பலமுறை திருத்தியும் மாறவில்லை, ஆயினும் கருணையோடு பரிசீலிக்கவும். திருத்தியது மட்டும் உண்மை. சிவப்பு மை சாட்சி.

மேலாளருக்கு உடனே பேசினேன். என் சொந்தக் கணக்கிலிருந்து நான் எழுதியதையும், அவள் புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்தும் அனுப்பினேன். "எனக்குப் புரியுது சார். ஆனா ஃபைல்ல சென்டரோட மெயில்தான் நிக்கும். நீங்க தனி ஆள்" என்றார். கனிவாகத்தான் சொன்னார். ஆறு மாதம் என்று உறுதியானது.

அவளிடம் நான்தான் சொன்னேன். மெயிலைக் காட்டினேன். காட்ட வேண்டாம் என்று மேடம் சொன்னார். அவளைப் பற்றி எழுதியதை அவள் படிப்பதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது. மெதுவாக, உதடு அசையப் படித்தாள்.

"கடைப்பாணியா?" என்றாள். "கடைப்பாணின்னா என்னன்னு இவருக்குத் தெரியுமா சார்? கீழ நாலு கடை தள்ளித்தான நிக்கறேன். ஒரு நாள் வந்து கேக்கச் சொல்லுங்க. பில்லு போட்டு முடிச்சிட்டா நானும் இறக்கித்தான் சொல்லுவேன்."

பிறகு வகுப்புக்கு வரவில்லை. சாலையில் சில முறை பார்த்தேன். முகூர்த்த நாட்கள் நெருங்கியிருந்தன. வெளியூர் பஸ்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கிக் கடைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் புடவையை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நின்றாள்.

புத்தகம் தீர்ந்து மறு அச்சுக்குப் போனது. திருத்திய பக்கத்தை, விளம்பரப் பட்டைக்கும் இடம் விட்டு, நானே அமைத்துக் கொடுத்தேன். அட்டை மட்டும் மாறி வந்தது. பழைய அச்சு பிளேட் இருக்கும்போது புதிது எதற்கு என்று டைரக்டர் கேட்டாராம்.

ஆறு மாதம் முடியும் தறுவாயில் டைரக்டர் அவளுக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். அந்த நிறுவனம் மறுபடி வரப்போகிறது. மையத்தின் சான்றிதழ் இருந்தால்தான் வேனில் ஏற்ற முடியும். பழைய மெயில் இருப்பதால், மறுபடி ஒரு முறை பயிற்சி முடித்தாள் என்று காட்ட வேண்டும். கட்டணம் வேண்டாம், வகுப்பில் உட்கார்ந்தால் போதும். இதைப் பெரிய மனதோடு செய்வதாகவே அவர் நினைத்தார். என்னிடமும் சொன்னார்.

அவள் வந்தாள். மேசை மேல் அடுக்கியிருந்த புதிய புத்தகங்களில் ஒன்றை எடுத்துப் புதிய அட்டையைப் பார்த்தாள். உள்ளே பிரிக்கவில்லை.

"இதுல அம்பு எப்படி இருக்குது சார்?"

"அப்படியேதான்மா இருக்கு."

"பரீட்சை வைப்பாங்களா?"

"வைப்பாங்க. அதே கீதான்."

"அப்ப இங்க பாஸாவணும்னா மேல சொல்லணும். அங்க பாஸாவணும்னா கீழ சொல்லணும்." விரலால் காற்றில் ஒன்று மேலே, ஒன்று கீழே போட்டுக்காட்டினாள். கசப்பில்லாமல், கடையில் இரண்டு புடவையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுபோல். "எனக்கு ரெண்டும் வரும் சார். வராதுன்னு எழுதிக் குடுத்தவர்கிட்டயே போயி, வருதுன்னு எழுதி வாங்கணுமா?"

வேறு மையங்கள் சென்னையில் இருக்கின்றன, ஆன்லைனில்கூட இருக்கின்றன என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அவற்றுக்கு அவளிடம் நேரம் இல்லை என்பதும், அந்த நிறுவனம் இந்த மையத்தின் மூலம்தான் இந்த ஊரில் ஆள் எடுக்கிறது என்பதும் இருவருக்கும் தெரியும். புத்தகத்தை அடுக்கின் மேலேயே வைத்து, விளிம்பைச் சரிசெய்துவிட்டு, கடை திறக்கிற நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் டைரக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சேந்துட்டாளா?"

"இல்லை. போயிட்டா."

"பாத்தீங்களா சார்? ஃப்ரீயா குடுத்தாக்கூட வேணாங்கறாங்க. நாம என்னதான் பண்றது?" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல், வகுப்புக் கதவைச் சாத்தச் சொன்னார். உள்ளே புதிய பேட்ச் பிள்ளைகள் பட்டியலை உரக்க வாசித்து, கடைசிப் பொருளிலும் குரலை மேலேயே நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.